தறிச் சத்தத்தில் ஒரு பெயர்

முதல் வரைவில் முப்பது நொடிக்குள் அடங்கிய விளம்பரம் ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. நீளமாகத்தான் வரும். பிறகு உட்கார்ந்து வெட்டுவோம். சேனலில் முப்பது நொடிக்கு இடம் வாங்கினால் முப்பது நொடிதான். ஒரு நொடி கூடினால் சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். சில இடங்களில் ஒன்றும் சொல்லாமல் வாலை நறுக்கிவிட்டு ஓட்டுவார்கள். பெரும்பாலும் வாலில்தான் பொருளின் பெயர் இருக்கும்.

அம்பாரம் டீக்கு நான் எழுதியது நாற்பத்து நான்கு நொடி வந்தது.

அந்தத் தேயிலையின் உரிமையாளர் ரங்கராஜ். சிங்காநல்லூரில் ஒரு பழைய மில்லின் குடோனை வாடகைக்குப் பிடித்து, வால்பாறைத் தூளைக் கலந்து மஞ்சள் பொட்டலத்தில் அடைத்து விற்கிறவர். களத்தில் குவித்த தானியத்தை அம்பாரம் என்பார்கள். வீட்டில் எப்போதும் நிறைந்து கிடக்க வேண்டும் என்று வைத்த பெயர். தேயிலை நன்றாகவே இருந்தது, விற்கவும் செய்தது. ஆனால் போன வருடம் ஒரு பெரிய கம்பெனி அதே மஞ்சளில், அதே அளவுப் பொட்டலத்தில் ஒரு டீயைக் கொண்டுவந்து கடைகளில் அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டது.

"ஏனுங்க அம்மணி, என்ர டீயக் குடிக்கறவங்களுக்கே அதும்பட பேரு தெரியலீங்க" என்றார் ரங்கராஜ், முதல் நாள் வந்து உட்கார்ந்ததும். "மஞ்சப் பொட்டலம் ஒண்ணு குடுங்கங்கறாங்க. கடைக்காரரு கைக்கு எது சிக்குதோ அதை எடுத்துக் குடுத்துப்போடறாரு. பேரு நின்னாத்தான் நான் நிப்பேன். இல்லாட்டி பழையபடி மத்தவங்களுக்கு மூட்டையில தூள் போட்டுக் குடுக்கப் போயிர வேண்டியதுதான். பேரில்லாத மூட்டை."

கடைசி இரண்டு சொற்களை அவர் மெதுவாகச் சொன்னார். எனக்கு அவை அன்று முழுவதும் காதில் இருந்தன.

நாங்கள் வேலை செய்யும் இடம் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு மேல் மாடி. படத்தொகுப்பாளர் ஷேக் பரீத்தும் நானும்தான் மொத்த நிறுவனமும். எழுதுவது நான், வெட்டுவது அவர். அவருடைய அறையின் சுவர் முழுக்கக் கருப்புப் பஞ்சுப் பலகை ஒட்டியிருக்கும். கதவை மூடினால் கீழே பட்டறை இல்லை, திருச்சி ரோடு இல்லை, ஊரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு முடிந்து ஜெபம் தொடங்குவதற்கு முன் வரும் அந்தச் சின்ன இடைவெளிதான் சிறுவயதில் எனக்குப் பிடித்த பகுதி. பரீத்தின் அறையில் அது நாள் முழுக்கக் கிடைத்தது. ஒரு சொல்லை அந்த அமைதியில் வைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும் என்று நம்பியிருந்தேன்.

வெட்ட உட்கார்ந்தபோது ரங்கராஜும் வந்துவிட்டார். அதுதான் தொந்தரவு.

"'மூணு தலைமுறையா' எடுத்துரலாங்களா?" என்றேன்.

"அதெப்படீங்க? என்ர தாத்தன் சைக்கிள்ல டீத்தூள் வித்தவரு."

"அவரு வித்தாருங்க. டீ குடிக்கறவங்களுக்கு அதனால என்னங்க?"

"செரி, எடுங்க. மனசே இல்லாம எடுங்க."

'மாசு மருவற்ற மலைச்சாரலில்' போயிற்று. 'கலப்படமில்லாத' போயிற்று. படத்தில் மலை தெரியும்போது மலை என்று சொல்ல வேண்டியதில்லை என்று 'மலையிலிருந்து நேராக' என்பதையும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்தபோது ரங்கராஜ் தன் வீட்டுச் சாமானை வண்டியில் ஏற்றுவதைப் பார்ப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். தொலைபேசி எண்ணுக்கு வந்தபோது எழுந்தே விட்டார்.

"போன் நம்பரு வேணுமுங்க."

"பத்து இலக்கம். வாய்விட்டுப் படிச்சா அஞ்சு நொடிங்க. யாரு எழுதி வெச்சுக்குவா? பொட்டலத்துல இருக்குதுல்ல."

"இன்னும் ஒரு வழி இருக்குதுங்க" என்றார் பரீத். குரலை மட்டும் வேகமாக ஓட்டிக் காட்டினார். நாற்பத்து நான்கும் முப்பதுக்குள் அடங்கியது. கேட்பதற்கு, கீழே விழுந்த பாத்திரத்தைப் பிடிக்க ஓடுகிறவர் பேசுவது போலிருந்தது. ரங்கராஜே சிரித்துவிட்டார். "வேண்டாமுங்க. டீக்கடையில தீப்பிடிச்ச மாதிரி இருக்குது."

ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை. பெயர் ஐந்து தடவை வர வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் மூன்று, முடிவில் ஒன்று. திரும்பத் திரும்பச் சொன்னால் பதியும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் நம்புவது, நானும் நம்பியதுதான். ஐந்து தடவையும் வைத்தேன். மலை, இலை, கொதிக்கும் பால், டம்ளரில் ஊற்றும் பெண்ணின் கை என்று காட்சிகள் ஓட, அவற்றின் மேல் ஒரு கனத்த ஆண்குரல் பெயரைச் சொல்லிக்கொண்டே போனது. சரியாக முப்பது நொடி. பஞ்சு ஒட்டிய அறையில் அது மணியடித்தது போல ஒலித்தது.

ரங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையே சேனலுக்குக் குடுத்துரலாமுங்க" என்றார்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆளுங்ககிட்டக் காட்டிப் பாக்கலாங்க" என்றேன்.

அது என் வழக்கம். வேறு இரண்டு விளம்பரங்களுக்கு நடுவில் நம்முடையதை வைத்து ஓட்ட வேண்டும். எதைப் பற்றிக் கேட்கப்போகிறோம் என்று சொல்லக்கூடாது. அரை மணி நேரம் வேறு எதையாவது பேச வேண்டும். பிறகு, 'என்ன டீ பாத்தீங்க?' என்று கேட்க வேண்டும். பெயர் வந்தால் பிழைத்தது.

ரங்கராஜின் டீ அதிகம் போவது பல்லடத்தைச் சுற்றியிருக்கிற விசைத்தறி ஊர்களுக்கு. தறி ஓட்டுகிறவர்கள் நாளைக்கு ஆறேழு டம்ளர் குடிப்பார்கள். எனவே அங்கேயே போனோம்.

ஆறுச்சாமியின் தறிக்குடோன் ஊர்க்கோடியில் இருந்தது. தகரக் கூரை போட்ட நீண்ட கட்டடம். அதை ஒட்டியே அவர் வீடு. குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்ணீர்ப் பானையும் ஒரு டிவியும் வைத்த முன்னறை. தறி ஓட்டுகிறவர்கள் தண்ணீர் குடிக்க வரும்போது நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ரவிக்குமாரின் மளிகைக்கடை. அதன் வாசலில் அம்பாரமும் அந்த இன்னொரு மஞ்சளும் தோளோடு தோளாகத் தொங்கின.

வண்டியை விட்டு இறங்கியதும் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. தறிச் சத்தம் எனக்குத் தெரியாததல்ல. இந்தப் பக்கத்தில் பஸ்ஸில் போகிற யாருக்கும் அது தெரியும். ஆனால் வழியில் கேட்டுக் கடப்பது வேறு, அதற்குள் நின்று பேச முயல்வது வேறு. ஆறுச்சாமி வாயைத் திறந்து ஏதோ வரவேற்றார். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

பரீத் டிவியில் பென்டிரைவைச் செருகி, ஒலியை முழுசாக வைத்தார். விளம்பரம் ஓடியது. முன்னறையிலும் தறிகளின் சத்தம்தான் இருந்தது. எங்கள் விளம்பரத்தின் ஆண்குரல் எங்கோ ஒரு ஈ பறப்பது போல முனகியது.

தண்ணீர் குடிக்க வந்தவர்களில் விமலாராணி என்ற பெண் டம்ளரைக் கையில் வைத்தபடியே மூன்று விளம்பரங்களையும் நின்று பார்த்தார். வயது நாற்பதுக்குள். தலையில் துண்டு. துண்டில் பஞ்சுத்தூசி. அரை மணி கழித்து, அவர் தன் தறிகளைக் கதிர் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்சம் சத்தம் குறைவான கிணற்றடிப் பக்கம் வந்தார். சொந்தக்காரர்கள், மழை, பஸ் நேரம் எல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

"டீ விளம்பரமுங்களா? பாத்தனுங்க. மலையெல்லாம் பச்சுனு இருந்துச்சு. அந்தக் கை நல்லா ஊத்துச்சு, ஒரு சொட்டு சிந்தல."

"என்ன டீங்க அது?"

அவர் யோசித்தார். "மஞ்சப் பொட்டலமுங்க."

எனக்குப் பின்னால் ரங்கராஜும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு சொன்னாங்களே" என்றேன்.

"யாருங்க சொன்னாங்க?"

"அஞ்சு தடவை சொன்னோமுங்க!" என்றார் ரங்கராஜ், தாங்க முடியாமல்.

"யாரு வாயில சொன்னாங்கன்னு கேக்கறனுங்க. ஒருத்தரு மூஞ்சியவும் காட்டலியே. கையைக் காட்டுனீங்க, பாலைக் காட்டுனீங்க." அவர் சிரித்தார். "கை பேசுமுங்களா?"

கதிரையும் கேட்டோம். ஆறுச்சாமியையும் கேட்டோம். மலை, கை, மஞ்சள். பெயர் ஒருவருக்கும் வரவில்லை. ஆறுச்சாமி மட்டும் எங்கள் மேல் இரக்கப்பட்டு அந்த இன்னொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அதுங்களா?" என்றார். ரங்கராஜ் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் உடனே போகவில்லை. குடோன் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசைத் தறிகள். நடுவில் ஒரு நடைபாதை. விமலாராணி முதல் தறிக்குத் திரும்பி, அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டே நிமிர்ந்தார். கோடியில் கதிர் நின்றார். இருவருக்கும் நடுவில் அவ்வளவு இரும்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தது. விமலாராணியின் உதடுகள் அசைந்தன. அகலமாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வடிவம் கொடுத்து. தொண்டை அசையவில்லை. குரலே இல்லை. கோடியில் கதிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதிலுக்கு அவர் உதடுகளும் ஏதோ செய்தன. இடையில் நின்ற இன்னொரு பெண், அதைப் பார்த்துவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எங்களைப் பற்றித்தான் ஏதோ ஒரு கேலி என்று நினைக்கிறேன்.

அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் ஓர் அமைதியைக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமைதி என்றால் பஞ்சு ஒட்டிய சுவர் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பரீத் வந்து தோளைத் தட்டினார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வரும் வழியில் சூலூர் தாண்டியதும் ரங்கராஜ் சொன்னார்: "பத்துத் தடவை சொல்லலாமுங்களா?"

பரீத் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, "அன்னிக்கு மிஷினு ஓடிருச்சே, அந்த டேக் ஞாபகமிருக்குதுங்களா?" என்றார்.

இருந்தது. படப்பிடிப்பை ரங்கராஜின் குடோனிலேயே வைத்திருந்தோம். நடித்தவள் செவ்வந்தி, நாடகங்களிலும் சில தொடர்களிலும் சின்ன வேடம் செய்கிறவள். ரங்கராஜின் வண்டி ஓட்டுநர் கௌதமன் தூரத்திலிருந்து, 'என்ன டீங்க இது?' என்று கேட்பார். செவ்வந்தி டம்ளரோடு திரும்பி, 'அம்பாரம் டீங்க' என்று தொடங்கி என்னுடைய நான்கு வரிகளைச் சொல்ல வேண்டும். ஒரு டேக்கில், கௌதமன் கேட்டு முடித்த நேரம் பார்த்து யாரோ தேயிலை கலக்கும் டிரம் இயந்திரத்தை ஓட விட்டுவிட்டார்கள். பெரிய சத்தம். ஒலி வீண் என்று அதை ஒதுக்கிவிட்டோம். செவ்வந்தியின் வசனங்கள் நீளமாக இருந்ததால் மற்ற டேக்குகளையும் கடைசியில் பயன்படுத்தவில்லை. ஆண்குரலே போதும் என்று அவள் முகத்தையே வெட்டி எறிந்திருந்தோம். மிஞ்சியது அவள் கை.

மறுநாள் காலை பரீத் அந்த டேக்கை எடுத்து ஓட்டினார். ரங்கராஜும் நானும் பின்னால் நின்றோம்.

கௌதமன் கேட்கிறார். டிரம் உறுமத் தொடங்குகிறது. செவ்வந்தி ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. என் நான்கு வரிகளையும் அப்படியே விட்டுவிட்டாள். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கௌதமனின் கண்ணைப் பிடித்து, குரலில்லாமல் உதடுகளால் அந்த ஒரு சொல்லை மட்டும் செய்தாள். வாய் திறந்தது. உதடுகள் ஒட்டி வெடித்துப் பிரிந்தன. விரிந்தன. மறுபடி மெதுவாக ஒட்டி மூடின. அம்பாரம். பிறகு டம்ளரைச் சற்று உயர்த்திக் காட்டினாள். அதோடு முடிந்தது. கௌதமன் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டுகிறார். 'கட்! மிஷினை நிறுத்துங்க!' என்று என் குரல் மங்கலாக வருகிறது. டிரம் சட்டென்று நிற்கிறது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திடீர் அமைதிக்குள் செவ்வந்தி, சத்தம் இன்னும் இருப்பதாக நினைத்து, தொண்டை கிழியக் கத்துகிறாள்: "அம்பாரம்!" கத்தியது தனக்கே கேட்டதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

பரீத் மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். மூன்றாவது முறை ஓடியபோது, திரையில் உதடுகள் அசைந்த அதே நேரத்தில் என் உதடுகளும் அசைந்ததை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். ரங்கராஜுடையவையும் அசைந்துகொண்டிருந்தன.

செவ்வந்திக்குப் போன் போட்டேன்.

"உங்க சொந்த ஊரு எதுங்க?"

"பல்லடத்துக்குப் பக்கமுங்க அக்கா. ஏனுங்க?"

"வீட்ல தறி இருக்குதுங்களா?"

"எட்டுத் தறிங்க. எங்கம்மா அடுப்படியிலிருந்து திட்டறதையே வாயப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். ஏனுங்க, மறுபடி ஷூட்டிங் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. எல்லாத்தையும் நீங்க அன்னிக்கே பண்ணி முடிச்சுட்டீங்க."

பழைய முப்பது நொடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த டேக்கை முதுகெலும்பாக வைத்து வேலையைத் தொடங்கினோம். இம்முறை வெட்டியது முழுக்க என் சொற்களை. மலை போயிற்று. ஆண்குரல் போயிற்று. முதல் காட்சியே டிரம்மும் மஞ்சள் பொட்டலமும் செவ்வந்தியும். போனில் பார்க்கிறவர்கள் ஐந்து நொடியில் தள்ளிவிட்டுப் போனாலும் பொட்டலத்தைப் பார்த்திருப்பார்கள். அகலமான காட்சியில் அவள் பெயரை உதட்டால் சொல்கிறாள். கௌதமனுக்குப் புரியவில்லை. பரீத் அதே அசைவை முகத்தை நெருக்கி மறுபடி வைத்தார். பெரிய அளவில் எடுத்த படம் என்பதால் எவ்வளவு நெருக்கினாலும் தெளிவு குறையவில்லை. அப்புறம் இயந்திரம் நிற்கிறது. ஒன்றரை நொடி எதுவும் இல்லை. பிறகு அவள் கத்துகிறாள். சிரிக்கிறாள். பொட்டலம். அதன் மேல் பெயர் பெரிய எழுத்தில்.

"அமைதியான ஊட்ல பாக்கறவங்களுக்கு?" என்றார் ரங்கராஜ்.

"அவங்களுக்குத்தான் இந்த ஒண்ணரை நொடிங்க. என்ன சொல்றா, என்ன சொல்றான்னு மனசுக்குள்ள அவங்களே ஒரு தடவை சொல்லிப் பாப்பாங்க. அதுக்கப்புறம் அவ சொல்றா. அவங்க வாயில முதல்ல வந்துருச்சுன்னா அப்புறம் அது அவங்க பேரு."

"ஒரே ஒரு தடவைதான் சத்தமா வருதுங்க அம்மணி. அஞ்சு எங்க, ஒண்ணு எங்க? காசு குடுத்து ஊமைப்படம் எடுத்தான் ரங்கராஜுன்னு சிரிக்க மாட்டாங்களா?" அவர் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. "இது போச்சுன்னா இன்னொண்ணு எடுக்க எனக்குத் தெம்பில்லீங்க."

பரீத் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அது முடிந்ததும் ரங்கராஜே, "செரி. பல்லடத்துல போய்ப் பாத்துரலாமுங்க" என்றார்.

கடைசியில் நான்கு நொடி மிஞ்சியது. நான் எழுதிய நாற்பத்து நான்கு நொடியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்துக்கு இடம். செவ்வந்தியை வரவழைத்துச் சாதாரணக் குரலில் சொல்லச் சொன்னேன்: "பேரைச் சொல்லிக் கேளுங்க." 'ங்க'வை எடுத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும் என்று பரீத் சொல்லி முடிப்பதற்குள், "மருவாதி போயிருமுங்க" என்றார் ரங்கராஜ். அது இருந்தது. அப்படியும் முப்பது நொடி சரியாக வந்தது.

இம்முறை பல்லடத்துக்குப் போனபோது ரங்கராஜ் முன்னறைக்குள் வரவில்லை. ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பரீத் பென்டிரைவைச் செருகினார். அதே மாதிரி இரண்டு விளம்பரங்களுக்கு நடுவில் வைத்திருந்தோம். அதே சத்தம். நான் மறுபடியும் குடோன் வாசலில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விமலாராணி தண்ணீர் குடிக்க வந்தார். என்னைப் பார்த்து, மறுபடியும் வந்துட்டீங்களா என்பது போலத் தலையை ஆட்டினார். டம்ளரை வாயருகே கொண்டுபோனவர், திரையில் செவ்வந்தியின் முகம் நெருங்கி வந்ததும் அப்படியே நிறுத்தினார். அவர் கண்கள் சுருங்கின. யாரோ தன்னிடம் பேசியது போல முகம் சற்று முன்னால் வந்தது. விளம்பரம் முடிந்து அடுத்தது ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க அரை மணி ஆக வேண்டும்.

அந்த அரை மணி ஆகவில்லை. விமலாராணி தன் தறிக்குப் போனதும், எதிர்த்தறிப் பெண் புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டாள். டிவியில் என்ன ஓடியது என்று கேட்டிருக்க வேண்டும். விமலாராணி இழையிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. உதடுகள் ஒட்டி வெடித்துப் பிரிந்தன. மெதுவாக மூடின. பிறகு வெறுங்கையால் ஒரு டம்ளரை உயர்த்தினார்.

அந்தப் பெண்ணுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவள் அடுத்த தறிக்குத் திரும்பி அதையே செய்தாள். அங்கிருந்தவர் கோடியில் இருந்த கதிருக்குச் செய்தார். கதிர் அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி, கடைசியில் செவ்வந்தியைப் போல வாயைப் பொத்திச் சிரித்துக் காட்டி, எதிர் வரிசைக்கு அனுப்பினார். அவரும் இடையில் முன்னறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். எதிர் வரிசையில் அது ஒவ்வொரு முகமாக என்னை நோக்கித் திரும்பி வந்தது. ஒரு சத்தமும் இல்லை. இரும்பு இடிக்கும் அந்தக் கட்டடம் முழுக்க, நூலுக்கும் தூசிக்கும் மேலே, ஒரு சொல் உதட்டிலிருந்து உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அது அங்கே இருந்தது. காற்றில் ஒரு பறவை போவது தெரிவது போல எனக்கு அது போகும் பாதை தெரிந்தது. சொற்களோடுதான் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். ஒரு சொல்லை உயிரோடு பார்த்தது அன்றுதான்.

டீ நேரம் ஆயிற்று. தறிகளை நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. ஒருவர் மட்டும் போய்த் தூள் வாங்கி வந்து ஆறுச்சாமி வீட்டு அடுப்பில் டீ போடுவார். அன்று விமலாராணியின் முறை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி ரோட்டோரம் வந்தார். ஒரு லாரி போனது, அதன் பின்னால் இன்னொன்று. ரோட்டைக் கடக்க முடியவில்லை. எதிர்ப்புறம் ரவிக்குமார் கடையில் நின்றுகொண்டே, வழக்கம்போலக் கையை உயர்த்தி மஞ்சள் பொட்டலங்களில் ஒன்றைப் பிடித்தார். அவர் பிடித்தது அந்த இன்னொன்று.

வேப்பமரத்தடியில் ரங்கராஜ் அதைப் பார்த்துவிட்டார். ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

விமலாராணி கையை உயர்த்தி ஆட்டினார். ரவிக்குமாரின் கை அப்படியே நின்றது. தறிச் சத்தமும் லாரிச் சத்தமும் நடுவில் இருக்க, ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவர் ரவிக்குமாரின் கண்ணைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, எதையோ சொன்னார்.

எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஆனால் படித்துவிட்டேன்.

ரவிக்குமார் தலையாட்டினார். அந்தப் பொட்டலத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்ததைப் பிய்த்து எடுத்தார். ரங்கராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. உதடுகள் ஒருமுறை ஒட்டிப் பிரிந்து, மறுபடி மூடிக்கொண்டன.